தண்ணீர் வராது: தமிழ் எங்கே, ஆங்கிலம் எங்கே, எது எவ்வளவு பெரிதாக?

மும்பை தாராவியில் 90 அடிச் சாலைக்குப் பின்புறம் இருக்கும் ஒரு குடியிருப்புக்கு நான் அவ்வப்போது அறிவிப்புகள் அச்சடித்துக் கொடுக்கிறேன். சயானில் சிறிய அச்சுக்கடை வைத்திருப்பவனுக்கு இது பெரிய வருமானம் இல்லை. ஆனால் சென்ற ஆண்டு ஒட்டிய ஓர் அறிவிப்பால் எனக்குக் கிடைத்த திட்டு பெரிது. மேல்நிலைத் தொட்டியைச் சுத்தம் செய்ய ஒரு நாள் முழுக்கத் தண்ணீரை நிறுத்தினார்கள். அறிவிப்பு படிக்கட்டுக்கு அருகில் மூன்று நாள் தொங்கியது. அப்படியிருந்தும் தரைத்தளத்து ஆச்சி ஒருவர் அன்று காலை காலிக் குடத்துடன் குழாயடியில் நின்றார். "ஆச்சி, தாளைப் பார்க்கவில்லையா?" என்று கேட்டதற்கு, "பார்த்தேன் தம்பி. இங்கிலீசுதானே இருந்தது" என்றார்.

தாளில் தமிழும் இருந்தது. மேல்பாதி முழுவதையும் ஆங்கிலம் தடித்த பெரிய எழுத்துகளில் நிறைத்திருந்தது. அதற்குக் கீழே, விலாசம் போடும் இடத்தில், தமிழ் நான்கு வரியில் ஒடுங்கிக் கிடந்தது. அதை வடிவமைத்தவன் நான்தான். செயலாளர் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார். நான் அதைப் போட்டு முடித்தபின் மிச்சம் இருந்த இடத்தில் தமிழை நுழைத்தேன்.

இந்த ஆண்டு அதே தொட்டி, அதே வேலை. குழுவினர் நால்வரும் நானும் உட்கார்ந்து, எந்த மொழி எங்கே, எந்த அளவில் என்று பேசினோம். ஏ3 தாள் ஒன்று, அகலம் 297 மில்லிமீட்டர், உயரம் 420. அதில் என்னென்ன வழிகள் இருந்தன, எதை ஏன் விட்டோம் என்பதைச் சொல்கிறேன்.

சமம் என்றால் எதில் சமம்?

குழுவில் முதலில் எழுந்த குரல் "இரண்டுக்கும் சமமாக இடம் கொடுங்கள், வம்பே வேண்டாம்" என்பது. கேட்க நியாயமாக இருக்கும். தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்தால், ஒரே செய்தியைத் தமிழில் சொல்ல அதிக இடம் வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும். ண, ஞ, ணை, கொ போன்றவை அகலமான எழுத்துகள். இகரத்தின் மேல்விலங்கும் புள்ளியும் மேலே ஏறும், உகரமும் ழகரத்தின் வாலும் கீழே இறங்கும். ஆகவே வரிகளுக்கு இடையிலும் கூடுதல் இடைவெளி வேண்டும். சம இடம் கொடுத்தால் தமிழைச் சிறிதாக்கித்தான் அடைக்க முடியும். எழுத்தைச் சமமாக்கினால் தமிழின் இடம் பெரிதாகும். இரண்டில் ஒன்றைத்தான் பெறலாம்.

சட்டங்களே இந்த அளவுகோலில் ஒன்றுபடவில்லை. மகாராஷ்டிரத்தில் கடைப் பெயர்ப் பலகைகளுக்கான சட்டத்தை 2022இல் திருத்தியபோது, தேவநாகரியில் எழுதப்படும் மராத்தி மற்ற மொழியின் எழுத்தைவிடச் சிறிதாக இருக்கக்கூடாது என்றார்கள். அது எழுத்தை அளக்கிறது. கர்நாடகத்தில் 2024இல் வந்த திருத்தம் பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்கிறது. அது பங்கை அளக்கிறது. நடுவண் அரசின் பலகைகளுக்கான விதியோ வட்டார மொழி, இந்தி, ஆங்கிலம் என்று வரிசையையும் சொல்லி, எழுத்துகள் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஒரே அளவு என்றால் எதிலிருந்து எதுவரை அளப்பது என்பதுதான் அச்சுக்கடையில் நிற்பவனுக்கு வரும் தலைவலி.

நாங்கள் எழுத்தின் பக்கம் நின்றோம். ஆச்சி தாளில் தமிழுக்கு எத்தனை சதுர அங்குலம் என்று அளக்கப்போவதில்லை. படிக்கட்டில் இறங்கும்போது கண்ணில் படுகிறதா என்பதுதான் கேள்வி.

வரிசை: நான்கு வழிகள்

முதல் வழி ஒன்றின் கீழ் ஒன்று. அதில் ஆங்கிலம் மேலே, தமிழ் கீழே என்பது சென்ற ஆண்டு ஏற்பாடு. இதற்கு ஆதரவாகச் செயலாளர் சொன்ன வாதம் லேசானது இல்லை. கட்டடத்தில் தமிழர் அல்லாத வாடகைக் குடும்பங்கள் இருக்கின்றன. தமிழ்க் குடும்பங்களிலும் இங்கேயே பிறந்த பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவார்கள், படிக்கமாட்டார்கள். மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகிறது என்றாலும், இப்போது பெரும்பாலான வீடுகள் பிள்ளைகளை ஆங்கிலவழிக்கே அனுப்புகின்றன. எண்ணிப் பார்த்தால் ஆங்கிலம் படிப்பவர்களே அதிகம். அதனால் அதுவே மேலே இருக்கட்டும் என்றார்.

தலையை எண்ணுவது இங்கே தவறான கணக்கு என்பது என் எண்ணம். மேலே இருக்கும் மொழி தெரியாதபோது யார் கீழே தேடுவார், யார் தேடாமல் போய்விடுவார் என்று பார்க்க வேண்டும். மும்பையில் ஆங்கிலம் படிப்பவருக்குக் கீழே தேடும் பழக்கம் தானாகவே இருக்கிறது. புறநகர் ரயிலில் ஏறுகிறவர் தினமும் பார்க்கும் நிலையப் பலகைகளில் பொதுவாக மராத்தியும் இந்தியும் போக, ஆங்கிலம் கடைசியில்தான் நிற்கிறது. அதைத் தேடி எடுத்துப் படித்துத்தான் அவர் வளர்ந்திருக்கிறார். தமிழ் மட்டும் படிக்கும் முதியவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. வங்கியிலும் மருத்துவமனையிலும் ரேஷன் கடையிலும் தாளின் தலைப்பில் தமிழ் இல்லை என்றால் உள்ளேயும் இருக்காது என்பதுதான் ஐம்பது ஆண்டுகளில் அவர் கற்றது. ஆங்கிலத் தலைப்பைக் கண்டவுடன் அவர் கண் விலகிவிடுகிறது. ஆச்சி சொன்ன "இங்கிலீசுதானே" என்பதன் பொருள் அதுதான். தமிழை மேலே வைத்தால் ஆங்கிலம் படிப்பவருக்கு ஒரு நொடி தாமதமாகும். ஆங்கிலத்தை மேலே வைத்தால் தமிழ் மட்டும் படிப்பவருக்குச் செய்தியே போய்ச்சேராது.

பக்கத்தில் பக்கமாக, இடது தமிழ், வலது ஆங்கிலம் என்று போடுவது இரண்டாவது வழி. யாரும் மேலே இல்லை, யாரும் கீழே இல்லை. குழுவில் இதற்குத்தான் கூடுதல் ஆதரவு இருந்தது. ஒரு மாதிரி அடித்துக் காட்டினேன். ஓரங்களையும் நடு இடைவெளியையும் கழித்தால் ஒரு பத்திக்கு ஏறக்குறைய 120 மில்லிமீட்டர் கிடைக்கிறது. அந்த மாதிரியின் தமிழ் வாசகத்தில் "பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று இருந்தது. 30 பாயிண்ட் அளவு எழுத்தில் "வைத்துக்கொள்ளுங்கள்" என்ற ஒரே சொல் நூறு மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. ஒரு வரிக்கு ஒரு சொல், வலப்பக்கம் பல் விழுந்தது போல ஓட்டைகள். சொல்லை உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளினால் "வைத்துக்கொள்-" என்று நின்று, பொருள் ஒரு கணம் தடுமாறுகிறது. ஆங்கிலப் பத்தியோ அழகாக அமர்ந்திருந்தது. சமமாகத் தோன்றும் ஏற்பாட்டில் ஒரு மொழி மட்டும் அவதிப்படுவதைக் கண்ணால் பார்த்ததும் குழு மனம் மாறியது. இந்த வழி கெட்டது என்று சொல்லமாட்டேன். பூசை நேரப் பட்டியல், கட்டண அட்டவணை போன்று ஒவ்வொரு வரியிலும் இரண்டு மூன்று சொற்களே இருக்கும் இடத்தில், தாளைப் படுக்கையாக வைத்தால், இதைவிடத் தெளிவான வழி இல்லை. வாக்கியம் வந்துவிட்டால் வேண்டாம்.

வரிக்கு வரி மாற்றிப் போடும் வழி பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. கதவு எண், அம்புக்குறி, "தண்ணீர் மோட்டார்" போன்ற பெயர்ச்சீட்டுகளுக்கு அது சரி. இரண்டு வாக்கியம் சேர்ந்தால் படிப்பவர் ஒவ்வொரு முறையும் ஒரு வரியைத் தாண்டிக் குதிக்க வேண்டியிருக்கும்.

நான்காவது வழி தனித்தனித் தாள். ஒவ்வொரு மொழிக்கும் முழு ஏ3, எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போடலாம். அச்சுக்காரனுக்கு இரட்டைக் காசு. இருந்தும் நானே எதிர்த்தேன். இரண்டு தாள்கள் ஒரே சுவரில் ஒரே உயரத்தில் ஒரு நாளுக்கு மேல் நீடிப்பதில்லை. ஒன்றின் மேல் கேபிள்காரரின் விளம்பரம் ஏறும், அல்லது ஒன்று மட்டும் கிழியும். தேதி மாறினால் ஒன்றில் திருத்துவார்கள், மற்றதில் மறந்துவிடுவார்கள். அப்போது கட்டடம் இரண்டு தேதிகளில் வாழும்.

தமிழ் மேலே, ஆங்கிலம் கீழே என்று முடிவானது. செயலாளர் ஒரு நிபந்தனை வைத்தார்: ஆங்கிலம் காலடியில் கிடப்பதாக யாரும் சொல்லக்கூடாது. நியாயமான நிபந்தனைதான். அது எங்களை அளவுக்குக் கொண்டுவந்தது.

அளவு: பாயிண்ட் சொல்லும் பொய்

கணினியில் இரண்டு மொழிக்கும் 100 பாயிண்ட் என்று கொடுத்துவிட்டால் சமமாகிவிட்டது என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. பாயிண்ட் என்பது எழுத்து உட்காரும் பெட்டியின் அளவு. பெட்டிக்குள் எழுத்து எவ்வளவு உயரம் என்பதை எழுத்துருவை வரைந்தவர் முடிவு செய்கிறார். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என இரண்டு உயரங்கள் உண்டு. தமிழில் அந்தப் பிரிவே இல்லை. ட, ப, ம போன்றவற்றின் உடல் உயரம் ஒன்றே.

நான் பயன்படுத்தும் எழுத்துருக்களில் 100 பாயிண்டில் அச்சடித்து அளவுகோல் வைத்து அளந்தேன். ஆங்கிலப் பெரிய எழுத்து 25 மில்லிமீட்டர். ஆங்கிலச் சின்ன எழுத்தில், மேலும் கீழும் கால் நீட்டாத எக்ஸ் என்ற எழுத்து, 18. தமிழ் ட 19. எழுத்துருவுக்கு எழுத்துரு இது கொஞ்சம் மாறும். அதனால் என் எண்ணை எடுத்துக்கொள்ளாமல் உங்கள் எழுத்துருவை அச்சடித்து அளந்துகொள்ளுங்கள். ஆனால் தமிழின் உடல் ஆங்கிலச் சின்ன எழுத்தை ஒட்டி நிற்பதையும், ஆங்கிலப் பெரிய எழுத்து அதைவிட நன்றாக ஓங்கி நிற்பதையும் பல எழுத்துருக்களில் காணலாம்.

சென்ற ஆண்டு ஆங்கிலத் தலைப்பு முழுவதும் பெரிய எழுத்துகளில் இருந்தது. ஒரே பாயிண்ட் கொடுத்திருந்தால்கூட 25க்கு 19 என்று தமிழ் முக்கால் அளவில்தான் தெரிந்திருக்கும். நான் கொடுத்தது அதிலும் பாதி.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு இணையாகத் தமிழை உயர்த்துவது ஒன்று. 19ஐ 25 ஆக்கத் தமிழுக்கு ஏறக்குறைய 130 பாயிண்ட் வேண்டும். "தண்ணீர் வராது" என்ற தலைப்பு 100 பாயிண்டில் சுமார் 220 மில்லிமீட்டர் அகலம் பிடிக்கிறது. ஓரம் போகத் தாளில் இருப்பது 257. 130இல் அது 285ஐ தாண்டிவிடும். "தண்ணீர்" ஒரு வரி, "வராது" அடுத்த வரி என்று உடைக்க வேண்டும். அப்போது தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு முதலில் தெரிவது "தண்ணீர்" மட்டும். வருகிறதா, வரவில்லையா? தலைப்பின் உயிரே "வராது" என்பதில் இருக்கிறது. அதைப் பிரிக்கக்கூடாது.

மற்ற வழி, ஆங்கிலத்தைப் பெரிய எழுத்துகளிலிருந்து இறக்கி, முதல் எழுத்து மட்டும் பெரிதாகவும் மற்றவை சின்னதாகவும் எழுதுவது. அப்போது 100 பாயிண்டில் ஆங்கிலத்தின் பெரும்பகுதி 18, தமிழ் 19. கண்ணுக்குச் சமம். தாளும் கத்தாது. செயலாளருக்கு முதலில் ஒப்பவில்லை. "பெரிய எழுத்தில் போட்டால்தானே அறிவிப்பு மாதிரி இருக்கும், அண்ணாச்சி?" என்றார். இரண்டையும் சுவரில் ஒட்டி எதிர்ச்சுவருக்குப் போய் நின்று பார்க்கச் சொன்னேன். சின்ன எழுத்துகளில் சொல்லுக்கு மேடு பள்ளமான ஓர் உருவம் கிடைக்கிறது. பெரிய எழுத்துகளில் எல்லாச் சொல்லும் செங்கல் போல இருக்கிறது. அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

செய்திப் பகுதிக்கு இரண்டு மொழிக்கும் 32 பாயிண்ட் வைத்தோம். தலைப்பு மூன்று மீட்டரிலிருந்து ஆளை நிறுத்த வேண்டும். செய்தியை அவர் அருகில் வந்து படிப்பார். 32இல் உடல் உயரம் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் வருகிறது. கண்ணாடி எடுத்து வராத முதியவருக்கும் கை நீட்டும் தூரத்தில் அது போதும். வரி இடைவெளியில் மட்டும் சமத்துவம் பார்க்கவில்லை. தமிழுக்கு வரியிலிருந்து வரிக்கு 46 பாயிண்ட், ஆங்கிலத்துக்கு 40. தமிழுக்கும் 40 கொடுத்தபோது மேல்வரியின் "து", "ழு" ஆகியவற்றின் வால் கீழ்வரியின் புள்ளியோடு முட்டியது. புள்ளி எந்த எழுத்துக்குச் சொந்தம் என்று தெரியாத வரியை யாரும் இரண்டாவது முறை படிப்பதில்லை.

தடிமன்: ண எப்போது ன ஆகிறது

எந்த மொழியைத் தடிப்பது என்ற கேள்விக்கு மூன்று விடைகள் வந்தன. தமிழ் மேலே இருப்பதால் அது சாதாரணம், ஆங்கிலம் போல்டு, இப்படிச் சமன் செய்துவிடலாம் என்றார் ஒருவர். தமிழ் போல்டு, ஆங்கிலம் சாதாரணம் என்றார் மற்றொருவர். இரண்டுமே போல்டு என்பது மூன்றாவது.

முதல் இரண்டில் இருக்கும் சிக்கல் ஒன்றே. ஒரே தாளில் ஒரு மொழி கருப்பாகவும் மற்றது சாம்பலாகவும் தெரிந்தால், சாம்பலாக இருப்பது மொழிபெயர்ப்பு, கருப்பாக இருப்பது மூலம் என்று படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். மேலே வைத்துப் பெற்றுத் தந்த மதிப்பை மெலிய வைத்துப் பறிக்கலாம். மொழிகளைப் பிரித்துக் காட்டத் தடிமன் தேவையும் இல்லை. தமிழும் ஆங்கிலமும் உருவத்திலேயே வேறு. எது எங்கே தொடங்குகிறது என்று கண்ணே பிரித்துவிடும். தடிமனைச் செய்திக்குள் எது முக்கியம் என்று காட்ட வைத்துக்கொள்ளலாம்: தலைப்பு தடிமன், செய்தி சாதாரணம், இரண்டு மொழியிலும் அப்படியே.

மூன்றாவது விடை சரியாகத் தோன்றியது, அச்சடிக்கும்வரை. "தண்ணீர்" என்ற சொல்லில் ண் ஒன்று, ணீ ஒன்று. ண என்ற எழுத்துக்கு மூன்று சுழி, ன என்ற எழுத்துக்கு இரண்டு சுழி. நல்ல போல்டில் போட்டு மூன்று மீட்டர் தள்ளி நின்றால் மூன்று சுழிகளின் உள்வெளி அடைபட்டு, இரண்டா மூன்றா என்று தெரியவில்லை. "தன்னீர்" என்று படிக்கத் தோன்றியது. தமிழ் எழுத்துகளில் பலவும் தம் அகலத்துக்குள் அதிகக் கோடுகளை வைத்திருக்கின்றன. ஆங்கில "ஓ"வைப் போல அவற்றின் நடுவில் திறந்த வெளி கிடையாது. அதே தடிமன் கோடு ஆங்கிலத்தில் கம்பீரமாகத் தெரியும், தமிழில் மை கொட்டியது போலத் தெரியும். ஆகவே தமிழ்த் தலைப்புக்குப் போல்டுக்கு ஒரு படி கீழான செமிபோல்டைத் தேர்ந்தெடுத்தேன். ஆங்கிலத்துக்குப் போல்டு. பெயரளவில் வேறு தடிமன், சுவரில் ஒரே கருமை.

கருமை ஒன்றுதானா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. தாளை ஒட்டி, தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடுங்கள். சொற்கள் கலைந்து இரண்டு சாம்பல் பட்டைகள் தெரியும். ஒன்று அடர்ந்திருந்தால் அதை ஒரு படி இறக்குங்கள். சொல் சரியாகப் படிக்கப்படுகிறதா என்று பார்க்க, செய்தியை முன்பே அறியாத ஒருவரை அழைத்துத் தூரத்திலிருந்து படிக்கச் சொல்ல வேண்டும். நமக்கு வாசகம் தெரியும் என்பதால் நம் கண், அடைபட்ட ணகரத்தையும் திறந்து படித்துவிடும்.

இதில் கணினி செய்யும் ஒரு கள்ளத்தனத்தையும் சொல்ல வேண்டும். வீட்டுக் கணினியில் அறிவிப்பு தயாரிக்கிறவர்கள் எழுத்துருப் பட்டியலில் `Arial` என்று தேர்ந்துவிட்டுத் தமிழில் தட்டுகிறார்கள். அந்த எழுத்துருவில் தமிழே கிடையாது. விண்டோஸ் சத்தமில்லாமல் வேறொன்றைக் கொண்டுவந்து நிரப்பும். பழைய கணினி என்றால் `Latha`, புதியது என்றால் பெரும்பாலும் `Nirmala UI`. திரையில் தெரிவது ஒரு பெயர், தாளில் நிற்பது வேறு எழுத்து. ஒரு கணினியில் சரிபார்த்த அளவு மற்றொன்றில் மாறிவிடும். அது போதாதென்று, போல்டு வடிவம் இல்லாத தமிழ் எழுத்துருவுக்குப் போல்டு பொத்தானை அழுத்தினால் மென்பொருள் எழுத்தின் விளிம்பைச் சுற்றிலும் பூசித் தடிமனாக்கிவிடுகிறது. அப்படிப் பூசியதா என்று கண்டுபிடிக்கப் புள்ளியைப் பாருங்கள். எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தாலோ, முட்டையாக வீங்கியிருந்தாலோ அது பூச்சு. தமிழுக்குத் தனியாகவும் ஆங்கிலத்துக்குத் தனியாகவும் எழுத்துருவை நாமே தேர்ந்து, பி.டி.எஃப் ஆக்கி அச்சுக்கு அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. அடிக்கோடு எந்த மொழியிலும் போடவில்லை. தமிழில் அது "து", "ழ" ஆகியவற்றின் காலை வெட்டும்.

கடைசியில் சுவரேறிய தாள்

முதலில் தமிழ் வாசகத்தை எழுதினோம், பிறகு அதை ஆங்கிலமாக்கினோம். சென்ற ஆண்டின் ஆங்கிலத்தில் "இதனால் அனைத்துக் குடியிருப்பாளர்களுக்கும் தெரிவிக்கப்படுவது யாதெனில்" என்ற பாணியில் தொடங்கிய வரி ஒன்று இருந்தது. தமிழ் சிறிதாகிப் போனதற்கு அந்த வரியும் ஒரு காரணம். இந்த முறை தமிழ் இவ்வளவுதான்: "தண்ணீர் வராது. காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை. மேல்நிலைத் தொட்டி சுத்தம் செய்யப்படுகிறது. முந்தைய நாள் இரவே தண்ணீர் பிடித்து வையுங்கள்." "வைத்துக்கொள்ளுங்கள்" போய் "வையுங்கள்" வந்ததில் கொஞ்சம் இடம் மிச்சம்.

தேதியை இரண்டு மொழியிலும் எழுதாமல், தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே ஒரே கட்டமாக வைத்தோம். 12 என்ற எண் பெரிதாக, இடப்பக்கம் "ஏப்ரல், ஞாயிறு" என்று தமிழிலும் வலப்பக்கம் அதுவே ஆங்கிலத்திலும். எண் இரு மொழிக்கும் பொது. நேரத்தையும் இப்படிப் பொதுவாக்கப் பார்த்தோம், முடியவில்லை. வெறும் 9, 5 என்று போட்டால் ஆச்சி மறுபடி கேட்பார், காலையா இரவா என்று. நேரம் இரண்டு மொழியிலும் இருக்கட்டும் என்று விட்டோம்.

உயரத்தைக் கூட்டிப் பார்த்தேன். தமிழ்ப் பகுதி தலைப்பு, நேரம், மூன்று வரிச் செய்தி சேர்ந்து 123 மில்லிமீட்டர். ஆங்கிலம் அதே அளவு எழுத்தில், இரண்டு வரிச் செய்தியோடு 93. நடுவில் தேதிக் கட்டம் 60. இரண்டு மொழியும் எடுத்துக்கொண்ட இடத்தில் தமிழின் பங்கு 57 சதவீதம். செயலாளர் அதைக் கணக்கிட்டுவிட்டு என்னைப் பார்த்தார். எழுத்து சமம், இடம் சமமில்லை, முன்பே பேசியதுதான் என்றேன்.

மிச்சம் இருந்த இடத்தில் அடியில் மராத்தியில் ஒரு வரி சேர்த்தோம், "பாணி யேணார் நாஹி" என்று, தேதியோடு. கட்டடத்துக்குள் ஒட்டும் தாளுக்குக் கடைப் பலகைச் சட்டம் பொருந்தாது. ஆனால் தொட்டி கழுவ வருகிறவர்களும் காவலாளியும் படிப்பது அதைத்தான். அந்த வரியிலும் பாயிண்டை நம்பவில்லை, மேல்கோட்டிலிருந்து அளந்தே வைத்தேன்.

தமிழ் மேலே என்பதை எல்லா இடத்துக்கும் விதியாக்கமாட்டேன். ஒப்பந்தம், ஏலம், வழக்கு என்று ஆங்கில வாசகமே சட்டப்படி செல்லுபடியாகும் தாளில், ஆங்கிலம் முதலில் நிற்பது நேர்மை. அங்கே தமிழ் விளக்கம் மட்டுமே, அப்படியென்று தாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

கைப்பேசிக் குழுவுக்கு அனுப்பும் படத்தில் கணக்கு தலைகீழானது. ஏ3 தாளைப் படமெடுத்து ஏழு சென்டிமீட்டர் அகலத் திரையில் பார்த்தால் 6 மில்லிமீட்டர் எழுத்து ஒன்றரை மில்லிமீட்டருக்கும் கீழே போகிறது. ஆங்கிலத்தைச் சிரமப்பட்டுப் படிக்கலாம். தமிழில் புள்ளிகள் மறைந்துவிடுகின்றன, படத்தைச் சுருக்கி அனுப்பும் செயலி மீதியையும் அழித்துவிடுகிறது. சுவரில் தோற்ற தனித்தனித் தாள் யோசனை இங்கே வென்றது. தமிழுக்கு ஒரு படம், ஆங்கிலத்துக்கு ஒரு படம், ஒவ்வொன்றிலும் தேதி.

தாளை ஒட்டிய இரண்டாம் நாள், தொட்டி கழுவுகிறவர்கள் அடுத்த வாரம்தான் வரமுடியும் என்று சொல்லிவிட்டார்கள். சுவரில் வேலை சுலபமாக முடிந்தது. தேதிக் கட்டத்தில் 12இன் மேல் ஒரு சதுரத் தாளை ஒட்டி, மார்க்கரால் 19 என்று எழுதினேன். மராத்தி வரியில் இருந்த தேதியையும் திருத்தினேன். கைப்பேசிப் படங்கள் இரண்டையும் புதிதாகச் செய்து அனுப்ப வேண்டியிருந்தது. பழைய ஆங்கிலப் படத்தை யாரோ மறுநாள் காலையிலும் குழுவில் பகிர்ந்துகொண்டிருந்தார்.